மாதக் கடிதத்தில் முதலில் வரவேண்டிய எண்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பக்கக் கடிதம். ஐந்தாறு பேரிடம் பணம் வாங்கித் தொழில் நடத்தும் ஒருவர், அவர்களுக்கு மாதாமாதம் எழுத வேண்டிய கடிதம். பெரிய நிறுவனங்களுக்குத் தணிக்கையாளர் உண்டு, இயக்குநர் குழு உண்டு. நஜ்மாவில், சூக் ஹராஜைச் சுற்றியுள்ள இந்தத் தெருக்களில் தொழில் தொடங்குகிற நம் ஆட்களுக்கு அவை இல்லை. ஒருவர் சம்பளத்தில் சேர்த்ததைக் கொடுக்கிறார், இன்னொருவர் ஊரில் இடம் விற்ற பணத்தை அனுப்புகிறார், மூன்றாமவர் மைத்துனரிடம் வாங்கித் தருகிறார். 2019-ஆம் ஆண்டின் 1-ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு கத்தாரில் அனுமதி பெற்று வெளிநாட்டவரே முழு உரிமையோடு நிறுவனம் வைக்க வழி இருக்கிறது. அப்படியிருந்தும் பணம் போட்டவர்களில் பலருடைய பெயர் சி.ஆர். எனப்படும் வணிகப் பதிவில் ஏறுவதில்லை. அவர்களிடம் இருப்பது ஒரு நம்பிக்கையும், சில வாட்ஸ்அப் குரல் பதிவுகளும்தான். குரல் பதிவை ஆறு மாதம் கழித்துத் தேடி, அன்று சொன்ன தொகையையும் இன்று சொல்லும் தொகையையும் ஒப்பிட யாராலும் முடியாது. ஆகவே பங்குக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் முதலில் வேண்டும். அதற்கு அடுத்தபடியாக, எழுத்தில் வரும் மாதக் கடிதம் வேண்டும்.

அந்தக் கடிதத்தில் எந்த எண் முதலில் வரவேண்டும் என்பதே இன்றைய என் பேச்சு. பெரும்பாலோர் விற்பனையை முதலில் எழுதுகிறார்கள். சிலர் லாபத்தை எழுதுகிறார்கள். கொஞ்சம் கவனமானவர்கள் மாதக் கடைசி நாளின் வங்கி இருப்பை எழுதுகிறார்கள். வளைகுடாவில் சிறு தொழில் நடத்துபவர் முதல் வரியில் எழுத வேண்டியது, அந்த மாதத்தில் வங்கி இருப்பு எந்த நாளில் எவ்வளவு கீழே இறங்கியது என்பதை. ஏன் என்பதை ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

ஓர் ஏசி பராமரிப்பு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நானே அமைத்த கணக்கு இது; எந்த நிறுவனத்தையும் குறிப்பதல்ல. நஜ்மா, மன்சூரா, உம் குவைலினா பகுதிகளில் குடியிருப்புக் கட்டடங்களுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார்கள். 14 பேர் பணியில் இருக்கிறார்கள். ஐந்து பேர் ஆளுக்கு 60,000 ரியால் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 3 லட்சம் ரியால். ஜூலை மாதக் கடிதத்தை ஆகஸ்ட் முதல் வாரத்தில் எழுதப் போகிறார் நடத்துபவர்.

ஜூலையில் அவர் அனுப்பிய பில்களின் மொத்தம் 1,48,000 ரியால். செலவு 1,16,000: சம்பளம் 44,400, கடை வாடகையும் ஆட்களின் தங்குமிடமும் 16,000, வண்டியும் பெட்ரோலும் 11,000, கம்ப்ரஸரும் கேஸும் மற்ற உதிரிகளும் 38,000, மிச்சம் சில்லறைச் செலவு. லாபம் 32,000. வெயில் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் ஏசி தொழிலுக்கு இது நல்ல லாபம். கடிதத்தை இந்த எண்ணோடு முடித்துவிட்டால் ஐந்து பேரும் மகிழ்ந்து போவார்கள்.

அதே மாதத்தில் கையில் வந்து சேர்ந்த பணம் 91,000 மட்டுமே. பில் போட்டதற்கும் பணம் வந்ததற்கும் நடுவே 57,000 ரியால் வெளியே நிற்கிறது. ஜூன் முடிவில் 1,47,000 ஆக இருந்த வரவேண்டிய பாக்கி, ஜூலை முடிவில் 2,04,000 ஆகிவிட்டது. செலவு முழுவதும் அந்த மாதமே கையை விட்டுப் போனது என்று கொண்டால், லாபம் 32,000-இல் இருந்து 57,000-ஐக் கழியுங்கள். வருவது 25,000 பற்றாக்குறை. ஜூலை 1 அன்று வங்கியில் 83,000 இருந்தது, 31 அன்று 58,000 இருக்கிறது. 25,000 குறைந்திருக்கிறது. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கணக்கு சரி. வராவிட்டால் ஏதோ ஒரு செலவோ கடனோ கடிதத்தில் ஏறவில்லை என்று பொருள். பணம் போட்டவர் ஒவ்வொருவரும் கடிதம் வந்ததும் இந்த ஒரு கழித்தலை மட்டும் தவறாமல் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் கணக்கியல் படிப்பு தேவையில்லை.

இப்போது வங்கி இருப்புக்கு வருவோம். 31-ஆம் தேதி 58,000 என்பது உண்மையான எண்தான். ஆனால் 26-ஆம் தேதி இருப்பு 21,000 ஆக இருந்தது. 30-ஆம் தேதி ஒரு வாடிக்கையாளர் 37,000 கொடுத்ததால் அது மேலே ஏறியது. அந்த வாடிக்கையாளர் இரண்டு நாள் தள்ளிக் கொடுத்திருந்தால், சம்பளம் 44,400 கொடுக்க வேண்டிய வாரத்துக்குள் 21,000-த்தோடு நுழைந்திருப்பார்கள். கத்தாரில் 2015 முதல் ஊதியப் பாதுகாப்பு முறை நடைமுறையில் இருப்பதால் சம்பளம் உரிய தேதியிலிருந்து ஏழு நாளுக்குள் வங்கி வழியாகப் போயாக வேண்டும். இது அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்களிடம் சமாதானம் சொல்லித் தள்ளும் விஷயம் அல்ல. சொல்லவும் கூடாது, அவர்களுடைய வீட்டுக்கும் அதே தேதியில்தான் பணம் போக வேண்டும்.

மாதக் கடைசி இருப்பை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இந்த வளைகுடாவிலேயே மிகப் பெரிய சான்று இருக்கிறது. துபாயில் 2002-இல் தொடங்கிய அப்ராஜ் குழுமம் ஒரு காலத்தில் ஏறத்தாழ 14 பில்லியன் டாலர் முதலீட்டை நிர்வகித்தது. ஏழை நாடுகளில் மருத்துவமனைகள் அமைக்க அவர்கள் திரட்டிய 1 பில்லியன் டாலர் நிதியில் கேட்ஸ் அறக்கட்டளையும் பணம் போட்டிருந்தது. பணம் எங்கே என்று முதலீட்டாளர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு, 2018-இல் குழுமம் சரிந்தது. துபாய் நிதிச் சேவைகள் ஆணையம் 2019 ஜூலையில் சுமார் 315 மில்லியன் டாலர் அபராதம் விதித்தது. முதலீட்டாளர்களின் பணம் நிறுவனத்தின் நடைமுறைச் செலவுக்குத் திருப்பப்பட்டதும், அறிக்கை தரவேண்டிய தேதி நெருங்கும்போது வெளியில் தற்காலிகமாகக் கடன் வாங்கி வங்கி இருப்பை நிரப்பிக் காட்டியதும் அந்த ஆணையத்தின் முடிவுகளில் அடங்கும். ஒரு தேதியின் இருப்பை மட்டும் கேட்பவருக்கு அந்தத் தேதியில் இருப்பைக் காட்டிவிடலாம். மாதம் முழுவதிலும் மிகக் குறைந்த இருப்பைக் கேட்டால் அப்படி நிரப்பிக் காட்ட முடியாது. நம் நண்பர்கள் யாரும் அப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேர்மையான ஒருவரும், 30-ஆம் தேதி வந்த 37,000-ஐப் பார்த்து நிம்மதியடைந்து, 26-ஆம் தேதியை மறந்துவிடுவார். குறைந்த இருப்பை எழுதும் பழக்கம் முதலில் அவரைத்தான் காப்பாற்றும்.

அடுத்த வரி, வரவிருக்கும் நாட்கள். ஆகஸ்ட் 5 அன்று சம்பளம் போனபின் 58,000-இல் மிஞ்சுவது 13,600. 10-ஆம் தேதி வாடகைச் செக் 16,000. 12-ஆம் தேதி உதிரிபாகக் கடைக்குக் கொடுத்த பின்தேதிச் செக் 18,000. புதிதாக எதுவும் வராவிட்டால் 10-ஆம் தேதியே குறைவு தொடங்கி, 12-ஆம் தேதி மாலை 20,400 ரியால் ஆகும். கத்தாரில் பணமில்லாமல் திரும்பும் செக் குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகிறது. கொடுத்துவைத்த செக்குகளின் பட்டியல் கடிதத்தில் இல்லையென்றால், அந்தக் கடிதம் தொழிலின் மிகப் பெரிய ஆபத்தைச் சொல்லாமல் விட்ட கடிதம். லாபக் கணக்கில் இந்தச் செக்குகளின் தேதி எங்கும் தெரியாது. ஆகவே அடுத்த 45 நாளில் எந்தத் தேதியில் எவ்வளவு செக் விழப்போகிறது என்பதைத் தனியே நாலு வரியில் எழுத வேண்டும்.

இதோடு சேர்த்து எழுத வேண்டிய இன்னொரு கடன், யாரும் கேட்காத கடன்: பணிக்கொடை. கத்தார் தொழிலாளர் சட்டப்படி ஓராண்டு முடித்தவருக்கு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் கொடுக்க வேண்டும். 14 பேரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 30,000 என்றால், ஆண்டுக்குச் சுமார் 21,000, மாதத்துக்கு 1,750 சேர்ந்துகொண்டே போகிறது. நான்கு ஆண்டு வேலை செய்த இருவர் ஒரே நேரத்தில் ஊர் திரும்பும்போதுதான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.

பாக்கியைப் பற்றி சற்று நின்று சொல்ல வேண்டும். 2,04,000 ரியால் என்று மொத்தமாக எழுதினால் எதுவும் தெரியாது. வயது பிரித்து எழுத வேண்டும். 30 நாளுக்குள் 92,000. 31 முதல் 60 நாள் 48,000. 61 முதல் 90 நாள் 26,000. 90 நாளைத் தாண்டியது 38,000. அந்த 38,000-இல் 31,000 ஒரே கட்டட நிறுவனத்திடம் நிற்கிறது. அந்த நிறுவனம் எல்லா வயதிலும் சேர்த்துத் தரவேண்டியது 71,000, அதாவது மொத்தப் பாக்கியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இதுதான் கடிதத்தைப் படிப்பவர் கண் நிற்க வேண்டிய இடம்.

ஏன் தரவில்லை என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், கம்பெனி இழுத்தடிக்கிறது என்பது. உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் சிறியது. மூன்று பில்களில் எல்.பி.ஓ. எண் இல்லை, இரண்டு வேலைகளுக்கு குடியிருப்பவர் கையெழுத்திட்ட ஜாப் கார்டு இணைக்கப்படவில்லை, கையெழுத்துப் போடும் மேலாளர் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் நாட்டிலேயே இல்லை. முதல் இரண்டையும் நம் ஆளே ஒரே நாளில் சரிசெய்யலாம். மூன்றாவது ஆண்டுதோறும் நடப்பது. மே மாத பில்லை மே மாதத்திலேயே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பாக்கி எவ்வளவு என்பதோடு அது எந்த மேசையில், எந்தத் தாளுக்காக நிற்கிறது என்றும் எழுதினால்தான் படிப்பவரால் உதவ முடியும்.

சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தங்குமிடங்களை இணையத்தில் ஏற்பாடு செய்து தந்த ஸ்டேஸில்லா நம் ஊரில் பிறந்த நிறுவனம். பெரிய முதலீட்டு நிறுவனங்களிடம் பல மில்லியன் டாலர் திரட்டியது. 2017 பிப்ரவரியில் நிறுவனர் அதை மூடுவதாக அறிவித்து ஒரு குறிப்பு எழுதினார். மொத்த விற்பனை மதிப்பு, எத்தனை அறை-இரவுகள் என்ற எண்களைப் பெரிதாக நினைக்கத் தொடங்கி, பண வரவு செலவும் நடைமுறை மூலதனமும் தம் மனத்தில் பின்னுக்குப் போய்விட்டன என்று அவரே அதில் எழுதினார். அடுத்த மாதமே, விளம்பர வேலைக்கான பாக்கி தரவில்லை என்று ஒரு நிறுவனம் கொடுத்த புகாரில் அவர் கைது செய்யப்பட்டார். அந்தப் பாக்கி தரவேண்டியதே இல்லை என்பது அவர் தரப்பு. வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. அவ்வளவு பணம் திரட்டிய, அவ்வளவு திறமையான ஒருவர் தாமே எழுதிய வாக்குமூலம் அது. அறை-இரவு என்ற இடத்தில் நம் ஆள் ஒப்பந்தம் எடுத்த கட்டடங்களின் எண்ணிக்கையை எழுதுகிறார். எண் வேறு, மயக்கம் ஒன்று.

இனி பின்னடைவு. ஜூலையில் ஆறு கட்டடங்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இதைக் கடிதத்தில் எப்படி எழுதுவது? போட்டியாளர் விலையைக் குறைத்துவிட்டார் என்று எழுதலாம்; அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் புகார்ப் பதிவேட்டைப் பாருங்கள். ஜூலையில் வந்த 212 புகார்களில் 31, முப்பது நாளுக்குள் அதே வீட்டிலிருந்து திரும்ப வந்தவை. நூற்றுக்கு ஏறத்தாழ 15. மே மாதத்தில் அது நூற்றுக்கு 9. திரும்ப வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே வகை: ஏசி குளிரவில்லை என்று போனார்கள், கேஸ் அடித்துவிட்டு வந்தார்கள், மூன்று வாரத்தில் மறுபடி குளிரவில்லை. கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடித்து, அடைத்து, வெற்றிடமாக்கி, பிறகுதான் கேஸ் நிரப்ப வேண்டும். அதற்குப் பாதி நாள் ஆகும். ஜூனில் அனுபவமுள்ள இருவர் வேலையை விட்டுப் போனதால், மிஞ்சியவர்கள் ஒரு நாளில் அதிக வீடுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. கசிவு தேடும் வேலை தவிர்க்கப்பட்டது. ஒப்பந்தம் போனதற்கு மூலம் அங்கே இருக்கிறது.

இப்படி எழுதினால் பின்னடைவு ஒரு வருத்தச் செய்தியாக நிற்காது. அடுத்த மாதம் எந்த எண்ணைப் பார்த்தால் நிலைமை சரியாகிறதா என்று தெரியும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகஸ்டில் திரும்ப வரும் புகார் நூற்றுக்கு 15-இலிருந்து 12-க்கு வரவில்லையென்றால், புதுக் கட்டடம் எடுப்பதை நிறுத்தி வைப்பேன் என்று நடத்துபவர் எழுதலாம். அப்படி எழுதிய வாக்கை அடுத்த கடிதத்தில் அதே இடத்தில், அதே அளவையால் சொல்ல வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. திரும்ப வந்த புகாரை இந்த மாதம் முப்பது நாளுக்குள் என்றும், அடுத்த மாதம் பதினைந்து நாளுக்குள் என்றும் கணக்கிட்டால் எண் தானாகக் குறையும். அளவையை மாற்ற நியாயமான காரணம் இருந்தால் மாற்றலாம். மாற்றிய மாதத்தில் பழைய முறை, புது முறை இரண்டிலும் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

தாமதமும் ஒரு செய்திதான். பைஜூஸ் நிறுவனத்தின் 2020-21 கணக்கு 2022 செப்டம்பரில்தான் வெளியானது. நட்டம் 4,500 கோடி ரூபாய்க்கும் மேல். அடுத்த ஆண்டுக் கணக்கும் இழுபட, 2023 ஜூனில் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் விலகியது. முதலீட்டாளர்களின் சார்பில் குழுவில் இருந்த இயக்குநர்களும் விலகினர். எண்கள் வெளிவருவதற்கு வெகு முன்பே தாமதம் சொல்லிக்கொண்டிருந்தது. நம் சிறு தொழிலில் கடிதம் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் வரவேண்டும் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு எண் தயாராகவில்லை என்றால் அந்த எண் இல்லாமல் வரட்டும், எப்போது வரும் என்ற குறிப்போடு.

கடைசியாக, கேட்க வேண்டியதைக் கேட்பது. இதில்தான் நம் ஆட்களுக்குக் கூச்சம் அதிகம். உங்கள் ஆதரவு எப்போதும் வேண்டும், தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதி முடிக்கிறார்கள். படிப்பவர் நல்ல மனத்தோடு ஒரு கட்டை விரலைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நம் கணக்கில் வரும் நிறுவனம் மூன்று உதவிகளைக் கேட்கலாம். 90 நாளைத் தாண்டிய 31,000 பாக்கியை வைத்திருக்கும் கட்டட நிறுவனத்தில் கணக்குப் பிரிவுப் பொறுப்பாளரை, பங்குதாரர் ஐந்து பேரில் ஒருவருக்கு அலுவலக வழியாகத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தனியாக எழுத வேண்டும்: திருத்திய மூன்று பில்களும் ஜாப் கார்டும் இணைத்திருக்கிறேன், 9-ஆம் தேதிக்குள் அவரிடம் இவற்றை நேரில் ஒப்படைக்க ஐந்து நிமிடம் வாங்கித் தர முடியுமா? பணம் வாங்கித் தாருங்கள் என்று கேட்கவில்லை, சந்திப்பு மட்டும். நண்பரின் பெயருக்கும் வேலைக்கும் சங்கடம் வராத எல்லை அது.

இரண்டாவது, இன்வெர்ட்டர் ஏசியும் கசிவுச் சோதனையும் தெரிந்த இரண்டு டெக்னீஷியன்கள், என்ன சம்பளம், எந்தத் தேதியிலிருந்து என்ற விவரத்தோடு. 2020-க்குப் பிறகு கத்தாரில் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே, உரிய அறிவிப்புக் காலம் கொடுத்து வேலை மாறலாம் என்பதால், இங்கேயே இருப்பவர்களைக் கேட்கலாம். கேட்கும்போது அறிவிப்புக் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்று சொன்னால் செப்டம்பரில்தான் ஆள் வருவார்.

மூன்றாவது பணம். 12-ஆம் தேதி 20,400 குறைவு என்று தெரிந்துவிட்டது. 31 முதல் 60 நாள் பாக்கியில் 40,000 இருபதாம் தேதிக்குள் வரும் என்று எதிர்பார்க்கிறார். ஆகவே பங்குதாரர் ஒருவரிடம் 25,000 ரியால் கைமாற்றாக, செப்டம்பர் 15-க்குள் திருப்புவதாக, எழுத்தில் கேட்க வேண்டும். அந்த 40,000 வராவிட்டால் எதிலிருந்து திருப்புவார் என்பதையும் அதே வரியில் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியவில்லை என்றால் கடன் கேட்கும் நேரம் இது அல்ல. வாடகை வாங்குபவரிடமும் கடைக்காரரிடமும் நேரில் போய் இரண்டு செக்குகளையும் தேதி மாற்றிக்கொள்ளக் கேட்கும் நேரம். அவகாசம் கேட்டு 3-ஆம் தேதி போனால் பெரும்பாலும் கிடைக்கும். 12-ஆம் தேதி காலையில் போனால் கடைக்காரர் செக்கை ஏற்கனவே வங்கியில் போட்டிருப்பார்.

பணம் போட்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறைந்த இருப்பு 21,000 என்று ஒருவர் நேர்மையாக எழுதிய மாதத்தில் அவரைக் கூப்பிட்டுக் கத்தாதீர்கள்; அடுத்த மாதம் அந்த வரி காணாமல் போய்விடும். லாபத்திலிருந்து பாக்கி உயர்வைக் கழித்துப் பாருங்கள், உங்களிடம் கேட்ட உதவிக்கு இரண்டு நாளுக்குள் முடியும் அல்லது முடியாது என்று பதில் எழுதுங்கள். 7-ஆம் தேதி கடிதம் வரவில்லை என்றால் 8-ஆம் தேதி நீங்களே கேளுங்கள்.